கையில் இல்லாத பங்கை விற்றால் நஷ்டம் எங்கே நிற்கும்?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். சேமிப்பு ஒரு லட்ச ரூபாயை டிரேடிங் கணக்கில் போட்டிருக்கிறேன். விலை இறங்கும் என்று தோன்றும் பங்கைக் காலையில் விற்றுவிட்டு, மாலைக்குள் வாங்கிக் கணக்கை முடித்தால் லாபம் என்கிறார் நண்பர். போட்ட பணத்தைப் போல 5 மடங்கு மதிப்புக்கு விற்க மார்ஜினும் கிடைக்குமாம். தவறினாலும் போட்ட ஒரு லட்சம்தானே போகும்?
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: இல்லை, அதற்கு மேலும் போகும். 200 ரூபாய்க்கு ஒரு பங்கை வாங்கியவருக்கு, அந்தக் கம்பெனியே மூழ்கினாலும் பங்குக்கு 200 ரூபாய்க்கு மேல் நஷ்டம் வராது. முதலில் விற்றவரோ எந்த விலை கொடுத்தாவது அதைத் திரும்ப வாங்கியே தீர வேண்டும். அந்த விலைக்கு மேல்வரம்பு கிடையாது. கையில் சரக்கே இல்லாமல் பண்ருட்டி முந்திரியை ஒரு விலைக்கு ஒப்புக்கொண்ட வியாபாரி, சந்தையில் வரத்து நின்றுபோனாலும் எங்கிருந்தாவது வாங்கித்தான் கொடுக்க வேண்டும். இப்படிக் கையில் இல்லாத பங்கை விற்று ஷார்ட் செய்தவரின் நிலையும் அதுதான்.

உங்கள் தொகையையே வைத்துக் கணக்குப் போடுவோம். நேற்று 200 ரூபாயில் முடிந்த ஒரு பங்கு. அதற்கு அன்றாட விலை வரம்பு 10 சதவீதம். காலையில் அதே 200 ரூபாயில் 2,500 பங்குகளை விற்கிறீர்கள். மதிப்பு 5 லட்சம். அன்றே முடிக்கும் இன்ட்ராடே வர்த்தகத்துக்கு 20 சதவீதம் மார்ஜினாக, அதாவது முன்பணமாக, வேண்டும் என்பதால் உங்கள் ஒரு லட்சம் முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது. நண்பகலில் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் கிடைத்த செய்தி வருகிறது. சில நிமிடங்களில் பங்கு 220 ரூபாய்க்குப் போய், அன்றைய உச்ச வரம்பான அப்பர் சர்க்யூட்டில் நிற்கிறது. அப்போது நஷ்டம் 50,000 ரூபாய். பாதிச் சேமிப்பு போய்விட்டது என்றாலும், அந்த இடத்தில் வெளியேற முடிந்தால் தப்பிக்கலாம்.

வெளியேற முடியாது என்பதுதான் விஷயம். திரையில் விலைப்பட்டியலைத் திறந்தால், வாங்குவோர் பக்கத்தில் 220 ரூபாய்க்கு லட்சக்கணக்கான பங்குகள் வரிசையில் நிற்கும். விற்போர் பக்கம் பூஜ்யம். உங்கள் வாங்கும் ஆர்டர் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும். குறிப்பிட்ட விலை வந்ததும் தானாக வாங்கி நஷ்டத்தை நிறுத்தும் ஸ்டாப்லாஸ் ஆர்டர் போட்டிருந்தாலும், விலை படிப்படியாக ஏறும்போதுதான் அது உதவும். விலை அதைத் தாண்டிக் குதித்துச் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் அதுவும் வெறும் ஆர்டராகக் காத்திருக்கும். மூன்றேகால் மணிவாக்கில் தரகு நிறுவனம் தானாகவே கணக்கை முடிக்க முயலும். விற்பவர் இல்லாதபோது அவர்களாலும் முடியாது.

மறுநாள் 2,500 பங்குகளை நீங்கள் ஒப்படைக்க வேண்டும். உங்கள் டீமேட்டில் ஒன்றும் இல்லை. எனவே பங்குச்சந்தை அவற்றை ஏலத்தில் வாங்க முயலும். ஏல விலை சந்தை விலைக்கு மேலேயே அமையலாம். ஏலத்திலும் கிடைக்காவிட்டால் பணமாகத் தீர்க்கப்படும்: நீங்கள் விற்ற நாள் முதல் ஏல நாள் வரை பதிவான அதிகபட்ச விலை, அல்லது ஏல நாளின் முடிவு விலைக்கு மேல் 20 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. மறுநாளும் பங்கு சர்க்யூட்டில் 242 ரூபாயில் பூட்டிக்கொண்டால், அதற்கு மேல் 20 சதவீதம் 290 ரூபாய் 40 காசு. பங்குக்கு 90 ரூபாய் 40 காசு வீதம் 2,500 பங்குகளுக்கு நஷ்டம் 2,26,000 ரூபாய். ஒரு லட்சம் போக, 1,26,000 ரூபாய் கடனாக நிற்கும், கட்டணங்கள் தனி. தரகு நிறுவனம் உங்களுக்காகக் கட்டிய பணம் அது. தாமத வட்டியுடன் உங்களிடம் கேட்பார்கள்; கேட்க அவர்களுக்கு உரிமையும் உண்டு.

இது அன்றாடம் நடப்பதில்லை. ஆனால் நடக்கும் நாளை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சாதாரண நாட்களிலும் நிலைமை சாதகமாக இல்லை: 2022-23ல் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10 பேரில் 7 பேர் நஷ்டமடைந்ததாக செபியின் ஆய்வே கூறியது.

கடன் வாங்கிப் பங்கு வாங்கும் மார்ஜின் வசதியிலும் இதே ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. ஒரு லட்சத்துடன் 3 லட்சம் கடன் சேர்த்து வாங்கினால், விலை 25 சதவீதம் இறங்கும்போதே உங்கள் பணம் முழுவதும் கரைந்துவிடும். லோயர் சர்க்யூட்டில் வாங்க ஆளில்லாமல் அதற்கும் கீழே இறங்கினால், மிச்ச நஷ்டமும் அன்றாடம் ஏறும் வட்டியும் உங்கள் தலையில்தான்.

நீங்கள் கற்றுக்கொள்ள விரும்புவதை நான் தடுக்கவில்லை. ஆனால் விற்பதற்கு முன், அந்தப் பங்கின் அன்றாட விலை வரம்பை என்.எஸ்.இ இணையதளத்தில் பாருங்கள். 5, 10, 20 சதவீதம் என்று நிலையான வரம்பு இருந்தால் அதை ஷார்ட் செய்யாதீர்கள். எஃப் அண்ட் ஓ எனும் முன்பேர வர்த்தகப் பட்டியலில் உள்ள பங்குகளுக்கு அத்தகைய நிலையான வரம்பு இல்லாததால், நஷ்டத்துடனாவது அன்றே வெளியேற வழி கிடைக்கும். ஐந்து மடங்கு மார்ஜினையும் தொடவேண்டாம். மேலே சொன்ன அதே பங்கில், ஒரு லட்ச ரூபாய் மதிப்புக்கு 500 பங்குகளை மட்டும் விற்றிருந்தால், அதே மோசமான முடிவிலும் நஷ்டம் 45,200 ரூபாய். வலிக்கும்தான், ஆனால் யாரிடமும் கடன்படாமல் மீதி 54,800 ரூபாய் உங்கள் கணக்கிலேயே இருந்திருக்கும்.