ஆர்டர் ரத்தானால் அட்வான்ஸில் எவ்வளவு பிடிக்கலாம்? அட்டைப்பெட்டி அச்சகத்தாருக்கான கேள்வி பதில்

மஞ்சக்குப்பம் அச்சகக்காரர்: புதுச்சேரி ஸ்வீட் கடைக்கு அரை கிலோ பெட்டி 10,000. மொத்தம் 70,000 ரூபாய் வேலை, 35,000 அட்வான்ஸ். அட்டையில் கொஞ்சம் வெட்டின பிறகு கேன்சல் பண்ணிட்டாங்க. பிரிண்ட் ஓட்டலை. எவ்வளவு பிடிக்கலாம், லெட்டர் எப்படி எழுதறது?

பதில்: முதலில் ரத்துச் செய்தி உங்கள் கைக்கு வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் வரை நடந்த வேலைக்குத்தான் பணம் பிடிக்க முடியும். காலை 11 மணிக்கு வாட்ஸ்ஆப்பில் "வேண்டாம்" என்று வந்திருக்க, மதியம் பிளேட் எடுத்திருந்தால் அந்த பிளேட் உங்கள் செலவுதான்.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். டிசைன் 1,500, நாலு கலர் பிளேட் 1,400, டை 2,800. இந்த மூன்றும் அந்தக் கடைக்காக மட்டுமே செய்தவை. வேறு யாருக்கும் உதவாது, அதனால் முழுத் தொகையும் பிடிக்கலாம்.

சண்டை வருவது அட்டையில்தான். 300 ஜிஎஸ்எம் டூப்ளெக்ஸ் 310 கிலோ, கிலோ 60 ரூபாய் என்று 18,600க்கு வாங்கியிருக்கிறீர்கள். பலரும் அந்தப் பில்லை அப்படியே கணக்கில் போட்டுவிடுகிறார்கள். அது தவறு. 190 கிலோ இன்னும் பாக்கெட் பிரிக்காமல் இருக்கிறதே, அட்டை வியாபாரி அதைப் பில் விலைக்கே திருப்பி எடுத்துக்கொண்டால் உங்கள் நஷ்டம் வண்டி வாடகை 600 மட்டும். வெட்டிய 120 கிலோவின் விலை 7,200. அதுவும் குப்பை இல்லை. அரை கிலோ பெட்டிக்கு வெட்டிய ஷீட்டில் கால் கிலோ பெட்டி தாராளமாக வரும், ஓரம்தான் வீணாகும். அதைப் பாதி மதிப்புக்கு வரவு வைத்தால் நஷ்டம் 3,600. அத்துடன் வெட்டுக்கூலி 400.

மொத்தம் 10,300. திருப்ப வேண்டியது 24,700. கடிதம் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

> ஐயா, தங்கள் ஆர்டர் (அரை கிலோ இனிப்புப் பெட்டி, 10,000) 9ஆம் தேதி காலை 11.10க்குத் தாங்கள் அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தியின்படி ரத்து செய்யப்பட்டது. அந்நேரத்தில் தாங்கள் ஒப்புதல் தந்த டிசைனுக்கு நான்கு பிளேட்டும் டையும் தயாராகி, 120 கிலோ அட்டை வெட்டப்பட்டிருந்தது. அச்சு தொடங்கவில்லை.
>
> பெற்ற முன்பணம் ரூ. 35,000. பிடித்தம்: டிசைன் 1,500, பிளேட் 1,400, டை 2,800, வெட்டுக்கூலி 400, வெட்டிய அட்டையின் மதிப்புக் குறைவு 3,600 (வாங்கிய விலை 7,200, எங்களுக்கு மறுபடி பயன்படும் மதிப்பு 3,600), மீதி அட்டையைத் திருப்பி அனுப்பிய வண்டி வாடகை 600. மொத்தம் ரூ. 10,300.
>
> மீதி ரூ. 24,700 தாங்கள் பணம் அனுப்பிய அதே வங்கிக் கணக்கில் இன்று செலுத்தப்பட்டுள்ளது. டையும் பிளேட்டும் எங்களிடம் உள்ளன. 15 நாட்களுக்குள் பெற்றுக்கொள்ளலாம். பில் நகல்கள் இணைப்பில்.

"அதே வங்கிக் கணக்கில்" என்பதை விட்டுவிடாதீர்கள். ரத்து செய்தவர் "என் தம்பி நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க" என்பார். திருட்டுக் கணக்கிலிருந்து அட்வான்ஸ் அனுப்பி, ஆர்டரை ரத்து செய்து, பணத்தை வேறு கணக்கில் வாங்கிக்கொள்ளும் மோசடி இருக்கிறது. அதற்குப் பிறகு உங்கள் கணக்கை முடக்கினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: எங்க ஆர்டர் ஃபாரத்துலயே "அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது"ன்னு அச்சடிச்சிருக்கோம். கஸ்டமர் கையெழுத்தும் இருக்கு. அப்புறம் எதுக்கு லெட்டர்?

பதில்: அந்த வரியை மட்டும் நம்ப வேண்டாம். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை உச்சவரம்பாகத்தான் பார்க்கிறது. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். 35,000 வாங்கி 10,300 மட்டுமே நஷ்டப்பட்டவர், கையெழுத்தைக் காட்டி மீதி 24,700ஐ வைத்துக்கொள்வது கடினம். 73ஆம் பிரிவின் விளக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நஷ்டத்தைக் குறைக்க உங்களுக்கு என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுப்பார்கள். பாக்கெட் பிரிக்காத அட்டையைத் திருப்பி அனுப்பச் சொன்னது அதனால்தான். ஃபாரத்தில் அந்த வரிக்குப் பதிலாக "ரத்து செய்யும் நேரம் வரை ஆன டிசைன், பிளேட், டை, அட்டை, கூலி செலவு பிடிக்கப்படும்" என்று அச்சடியுங்கள். உங்கள் கடிதத்துக்கு அது துணை நிற்கும்.

முதுநகர்: பொதுவா 10 சதவீதம் பிடிச்சா போதுமா சார்?

பதில்: சதவீதம் வேண்டாம். பிளேட் எடுக்கும் முன் ரத்தானால் 10 சதவீதம் அதிகம், பிரிண்ட் ஓடிய பிறகு ரத்தானால் மிகக் குறைவு. நடந்த வேலையை எழுதுங்கள்.

அரியாங்குப்பம், பெட்டி ஒட்டும் யூனிட்: ஆர்டர் நின்னதால மெஷின் ரெண்டு நாள் சும்மா கிடந்தது. வர வேண்டிய லாபமும் போச்சு. லாபத்தைப் பிடிக்க சட்டத்துல இடம் இருக்குன்னு சொல்றாங்களே?

பதில்: சொன்னவர் பாதி சரி. ஒப்பந்தத்தை முறித்தவரிடம், அதனால் இயல்பாக விளைந்த நஷ்டத்தைக் கேட்க 73ஆம் பிரிவில் இடம் உண்டு, லாப இழப்பும் அதற்குள் வரலாம். ஆனால் நிரூபிக்க வேண்டியது நீங்கள். அந்த இரண்டு நாளில் இன்னொருவர் வேலையை ஓட்டியிருந்தால் இழப்பே இல்லை. தீபாவளிக்கு முன் நெருக்கத்தில் வேறு ஆர்டர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு இதற்காக இடம் வைத்திருந்தீர்கள் என்றால், அந்தத் திருப்பி அனுப்பிய செய்திகளைக் காட்டுங்கள். ஆதாரம் இல்லாமல் லாபத்தைப் பிடித்தத்தில் சேர்த்தால், எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மீதிக் கணக்கையும் சந்தேகிக்கும்.

லாஸ்பேட்டை, இனிப்புக்கடை நடத்துபவர்: எங்க பக்கமும் சொல்லுங்க. டைக்குக் காசு பிடிச்சிட்டு டையைத் தரமாட்டேங்குறாங்க. டிசைன் ஃபைலையும் கேட்டேன், அது தங்களோடதுன்னு சொல்றாங்க.

பதில்: டைக்கு முழு விலை பிடித்துவிட்டால் டை உங்களுடையது மேடம். கேட்டு வாங்குங்கள். வாங்கும்போது பிளைவுட்டில் பதித்த பிளேடு வரிகள் வளையாமல், ரப்பர் பெயராமல் இருக்கிறதா என்று பாருங்கள். தந்தே தீர வேண்டும் என்று நீங்கள் கறாராக நின்றால் அச்சகம் அந்தப் பிடித்தத்தைக் கைவிடுவதும் உண்டு, அதுவும் நியாயம்தான். டிசைன் ஃபைல் வேறு விஷயம். டிசைனுக்கு வாங்கிய காசு அந்தப் பெட்டிக்கான உருவத்துக்கா, திறந்து மாற்றக்கூடிய மூலக் கோப்புக்கா என்பது ஆர்டர் போடும்போது பேசியதைப் பொறுத்தது. பேசவே இல்லை என்றால், தொழிலில் இதற்கு ஒரே வழக்கம் கிடையாது.

வில்லியனூர் கணக்காளர்: ஐயா, 10,300க்கு ஜிஎஸ்டி கட்டணுமே, அதை விட்டுட்டீங்க. ரத்துக் கட்டணத்துக்கு வரி உண்டுன்னு சுற்றறிக்கை இருக்கு.

நெல்லிக்குப்பம்: அதே சுற்றறிக்கையில நஷ்ட ஈட்டுக்கு வரி இல்லைன்னும் இருக்கே அண்ணே. இது நஷ்ட ஈடுதான்.

வில்லியனூர்: டையைக் கையில கொடுத்துட்டு நஷ்ட ஈடுன்னு எப்படிச் சொல்றது?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் அதில் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178ஆம் எண் சுற்றறிக்கை, ஒப்பந்தம் முறிந்ததற்கான இழப்பீடு வெறும் பணப் பரிமாற்றம், அதற்கு வரி இல்லை என்கிறது. ரத்துக் கட்டணத்தை மட்டும் மூல வேலையோடு சேர்த்துப் பார்த்து, அதே வரியைப் போடச் சொல்கிறது.

நம் கணக்கில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. வெட்டிய அட்டையின் மதிப்புக் குறைவும் வண்டி வாடகையும் இழப்பீட்டுப் பக்கம். டை, பிளேட், டிசைன் மூன்றையும் கடைக்காரர் காசு கொடுத்து எடுத்துப் போகிறார் என்றால் அது விற்பனை மாதிரிதான் தெரிகிறது. அதனால்தான் கடிதத்தில் வரி வரியாகப் பிரித்து எழுதச் சொல்கிறேன். "ரத்துக் கட்டணம் 10,300" என்று ஒரே வரியில் எழுதினால் முழுத் தொகைக்கும் வரி கேட்க நீங்களே வழி விட்டதாகும்.

நெல்லிக்குப்பம்: அப்போ டையைக் கொடுக்காம விட்டா வரி இல்லையா?

வில்லியனூர்: பேரை மாத்தினா தன்மை மாறிடுமா?

பதில்: மாறாது. ஆனால் டையைக் கொடுக்கவே இல்லை என்றால் விற்றதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, அந்த அளவில் நெல்லிக்குப்பத்தார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இப்படிக் கலந்த கணக்கை அந்தச் சுற்றறிக்கை தனியாக எடுத்துப் பேசவில்லை. கடிதம் அனுப்பும் முன் உங்கள் ஆடிட்டரிடம் இந்த ஆறு வரிகளைக் காட்டி எழுத்தில் பதில் வாங்குங்கள். வரி போடுவதாக முடிவானால், ஜிஎஸ்டி மாநிலக் குறியீடு கடலூருக்கு 33, புதுச்சேரிக்கு 34. இங்கிருந்து அங்கே சரக்கு போனால் ஐஜிஎஸ்டி.

பண்ருட்டி: கோயில் விழா மலர் 500 பிரதி, மேட்டர் அவங்களே கொடுத்தாங்க. அட்வான்ஸ் வாங்கினப்பவே ஜிஎஸ்டி கட்டிட்டேன். தப்பா?

பதில்: தப்பில்லை. அச்சடித்த பெட்டி பொருளாகக் கணக்காகும், அதற்கு அட்வான்ஸ் வாங்கும்போது வரி கட்ட வேண்டாம். அவர்கள் தந்த மேட்டரை உங்கள் பேப்பரில் புத்தகமாக அடிப்பது சேவை, அதற்கு அட்வான்ஸிலேயே வரி உண்டு. வேலை நடக்காமல் பணம் திரும்பும்போது, வாங்கியபோது போட்ட ரசீது வவுச்சரைக் குறிப்பிட்டு, திருப்பும் தொகைக்கு ரீஃபண்ட் வவுச்சர் போடுங்கள். கடிதம் மட்டும் போதாது. கட்டிய வரியை GSTR-1ல் சரி செய்துகொள்ளலாம்.

பாகூர்: ஆன்லைன்ல வாங்கின மிக்ஸியை கேன்சல் பண்ணினேன், 400 ரூபாய் பிடிச்சிட்டாங்க.

பதில்: இங்கே பேசுவது அச்சகத்துக்குக் கொடுத்த ஆர்டரைப் பற்றி. நீங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள்.

நெய்வேலி: 20 சதவீதம் பிடிக்கலாமா?

பதில்: முதுநகர்க்காரருக்குச் சொன்ன பதில்தான்.

கூடலூர் சாலை, ஆஃப்செட்: மீதிப் பணத்தை அனுப்புறதுக்கு முன்னாடி, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு எழுதி வாங்கிக்கிட்டா நல்லதுதானே? அவர் கையெழுத்துப் போடாம இழுக்கிறார். கணக்கு நம்பரும் மாத்திக் கொடுத்திருக்கார்.

பதில்: தகராறு உங்கள் பிடித்தத் தொகையில் மட்டும்தான். அதைத் தாண்டிய மீதி அவர் பணம் என்று உங்கள் கடிதமே ஒப்புக்கொள்கிறது. கையெழுத்துக்காக அதை நிறுத்தி வைத்தால் வட்டியோடு கேட்கும் வாய்ப்பை அவருக்கு நீங்களே கொடுக்கிறீர்கள். பணத்தை அனுப்பிவிட்டு, "பிடித்தத்தில் மறுப்பு இருந்தால் 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி சேருங்கள். புது எண்ணுக்கு அனுப்பாதீர்கள், பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அங்கேயே போகட்டும். அந்தக் கணக்கு மூடப்பட்டது என்று சொன்னால், வங்கியிடமிருந்து அதற்கான கடிதமும் அவர் பெயரிலேயே உள்ள வேறு கணக்கின் ரத்து செய்த காசோலையும் கேளுங்கள். இரண்டும் வரும் வரை அனுப்ப வேண்டாம்.