பாம்புக்கடியும் இருபது நிமிட நேரலையும்

அன்புள்ள ஐயா,

நான் கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருத்துவராக இருக்கிறேன். பாம்புக்கடி பற்றி இருபது நிமிடம் நேரலையில் பேசப் பண்பலை வானொலியிலிருந்து அழைத்திருக்கிறார்கள். நேயர்களும் தொலைபேசியில் கேள்வி கேட்பார்களாம். சென்ற ஆண்டு டெங்கு பற்றிப் பேசப் போனபோது, நேரம் முழுவதும் பப்பாளி இலைச்சாற்றிலேயே போய்விட்டது. தேங்கிய நீரைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியவில்லை. வானொலியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்தவர் நீங்கள். எப்படித் தயாராவது, பேச்சு விலகினால் மரியாதை குறையாமல் எப்படித் திருப்புவது என்று சொல்ல முடியுமா?

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒருவர்

அன்புள்ள மருத்துவருக்கு,

இருபது நிமிடம் என்று சொன்னாலும், பாட்டு, விளம்பரம், தொகுப்பாளரின் முன்னுரை, நேயர்களின் நலவிசாரிப்பு ஆகியவை போக உங்கள் குரல் ஒலிக்கும் நேரம் எட்டு, ஒன்பது நிமிடங்களைத் தாண்டாது. ஆகவே மூன்று செய்திகளுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். செய்தி என்று நான் சொல்வது தலைப்பை அன்று. ‘முதலுதவி’ என்பது தலைப்பு. கேட்டவர் அன்றிரவே செய்யக்கூடிய செயலாக அது மாறினால்தான் செய்தி. உங்கள் துறையில் நீங்கள் எதைத் தேர்வீர்கள் என்பது உங்கள் பொறுப்பு என்றாலும், நான் தயாரிப்பாளராக இருந்தால் கேட்டு வாங்கியிருப்பவை இவை: கடிபட்ட கையையோ காலையோ அசையவிடாமல் ஆளை நேராக மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும், பாம்பைத் தேடவோ அடித்துக் கொண்டுவரவோ வேண்டாம், தரையில் படுத்துத் தூங்கியவருக்கு விடியற்காலையில் காரணம் தெரியாத வயிற்றுவலியோ இமை தொங்குவதோ கண்டால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் உடனே கிளம்ப வேண்டும்.

ஒவ்வொன்றையும் எழுதியபின் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘பாதிக்கப்பட்ட உறுப்பை அசைவற்ற நிலையில் வைக்க வேண்டும்’ என்பது தாளில் சரியாக இருக்கும். ஆனால் அடுப்படியில் குக்கர் சத்தத்துக்கு நடுவே கேட்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ‘கால் எலும்பு உடைந்தவரை எப்படித் தூக்குவோமோ அப்படித் தூக்குங்கள், நடக்க விடாதீர்கள்’ என்றால் கண்முன் வந்துவிடுகிறது. செய்தி, அதற்கு ஒரு காரணம், ஒரு காட்சி, இவை மூன்றும் சேர்ந்து இருபது விநாடிக்குள் அடங்க வேண்டும். கைக்கடிகாரத்தை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

தமிழில் எதிர்மறை, வினையின் கடைசியில்தான் வருகிறது என்பதை வானொலியில் பேசுபவர்கள் பலரும் கவனிப்பதில்லை. ‘கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது’ என்ற வாக்கியத்தில் ‘கூடாது’ வரும் நேரத்தில் பேருந்து ஒலிப்பான் அடித்தால், உங்கள் பெயரிலேயே கயிறு கட்டப்பட்டுவிடும். செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிட்டு, ‘கயிறு வேண்டாம், கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலே அழுகிப்போகலாம்’ என்று தடையைச் சிறு துண்டாக, காரணத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். அதே மூச்சில் கட்டுவிரியன் பெயரையும் சொல்ல வேண்டாம். காதில் இரண்டு ‘கட்டு’ம் குழம்பும். உங்கள் பகுதியில் அதை எட்டடி விரியன் என்று சொல்வார்களானால் அந்தப் பெயரையே சொல்லுங்கள்.

சுருக்கம் பொய்யாகிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாம்பைக் கொண்டுவரத் தேவையில்லை என்பதற்கு, நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் இங்கே ஒரே நச்சுமுறி மருந்துதான் என்று காரணம் சொல்வீர்கள். அந்த ‘நான்குக்கும்’ என்பது பேச்சு வேகத்தில் ‘எல்லாப் பாம்புக்கும்’ என்று ஆகிவிடக் கூடாது, ஏனென்றால் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துக் குழிவிரியன்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

இனி, பேச்சைத் திருப்புவது. பெரும்பாலான தொகுப்பாளர்கள் வேண்டுமென்று விலகுவதில்லை. பிடித்துக்கொள்ள எதுவும் கையில் இல்லாததால் ஊரில் பேசிக்கொள்வதைக் கேட்கிறார்கள். ஆகவே முதல் நாளே தயாரிப்பாளருக்கு உங்கள் மூன்று வரிகளையும், ‘கயிறு கட்டினால் என்ன ஆகும்?’, ‘கடித்தது தெரியாமலே இருக்குமா?’ என்பன போன்ற இரண்டு கேள்விகளையும் அனுப்பிவிடுங்கள். எல்லாக் கேள்விகளையும் முன்கூட்டித் தரும்படி கேட்காதீர்கள், அது அவர்களுக்குப் பிடிக்காது. முதல் கேள்வி எது என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

அப்படியும் ‘பாம்பு பழிவாங்கும் என்கிறார்களே டாக்டர்?’ என்ற கேள்வி வந்தே தீரும். இங்கே பலரும் ‘அது இருக்கட்டும், முக்கியமான விஷயம் என்னவென்றால்’ என்று தாவுவார்கள். கேட்டவருக்கு முகத்தில் அடித்தது போல் இருக்கும். முதலில் கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் நேரான பதிலைக் கொடுங்கள். பிறகு, அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கும் ஒரு சொல்லையோ பயத்தையோ பிடித்துக்கொண்டு உங்கள் செய்திக்குப் போங்கள். ‘இல்லைங்க, ஆளை ஞாபகம் வைத்துத் தேடி வருவது பாம்பால் முடியாது. ஆனால் அந்தப் பயத்தில்தான் அதை அடித்துவிட்டுத்தான் கிளம்புவோம் என்று நிற்கிறார்கள். அதில் அரைமணி நேரம் போய்விடும், இன்னொருவருக்கும் கடி விழலாம். எங்களுக்குப் பாம்பு வேண்டாம், ஆள் வந்தால் போதும்.’ இதில் ‘பயம்’ என்பதுதான் பேச்சைத் திருப்பும் கீல். கேள்வியிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாத கீல் நிற்காது.

‘அரசு மருத்துவமனையில் மருந்தே இருப்பதில்லையாமே?’ என்பது வேறு வகைக் கேள்வி. அது விலகல் அன்று, கேட்பவர்களுடைய உண்மையான கேள்வி. அரசு ஊழியர் என்பதால் தயங்கி அதைத் தாண்டிப்போனால், அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள். அன்று காலை உங்கள் நிலையத்தின் இருப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள். ‘எங்கள் நிலையத்தில் இன்று காலை இருந்தது, நானே பார்த்தேன். மற்ற இடங்களைப் பற்றி நான் பார்க்காமல் சொல்லக் கூடாது. கிளம்பும்போதே 108-ஐ அழைத்துப் பாம்புக்கடி என்று சொல்லிவிடுங்கள்’ என்பது போதும்.

திருப்பவே கூடாத அழைப்புகளும் உண்டு. நான் தயாரித்த ஒரு நிகழ்ச்சியில், மகனை இழந்த ஓர் அம்மா பேசினார். மந்திரிக்கக் கொண்டுபோனதைச் சொல்லி அழுதார். விருந்தினர் உடனே, ‘இதைத்தான் நான் சொல்கிறேன், நேரம் வீணாகக் கூடாது’ என்றார். மருத்துவமாக அது சரிதான். ஆனாலும் அதன்பின் அரங்கத்துக்கு வேறு அழைப்பே வரவில்லை. அந்த இடத்தில் ஒரு நொடி மௌனமும் ‘சொன்னதற்கு நன்றி அம்மா’ என்ற வார்த்தையும் தவிர வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அதேபோல், ‘இப்போதுதான் கடித்தது’ என்று யாராவது அழைத்தால் மூன்று செய்திகளையும் மறந்துவிட்டு அவர் ஒருவருக்கு மட்டும் வழி சொல்லுங்கள். அதைக் கேட்கும் மற்றவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

தொகுப்பாளர் ‘நான் கேட்டது என்னவென்றால்’ என்று தொடங்கினால், பதில் சொல்லாமல் திருப்பியிருக்கிறீர்கள் என்று பொருள். உடனே கேள்விக்குத் திரும்பிவிடுங்கள். ‘சரி, அடுத்த நேயர்’ என்று உங்கள் வாக்கியத்தின் நடுவே வந்தால், நீளமாகப் பேசியிருக்கிறீர்கள். வானொலியைப் பாதியில் திறப்பவர்கள் அதிகம் என்பதால், ஒரே செய்தியை வேறு வேறு சொற்களில் மூன்று முறை சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

குறிப்புகளை மெல்லிய தாளில் எழுதாமல், தடித்த அட்டை ஒன்றில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தாள் சரசரப்பதை ஒலிவாங்கி பிடித்துவிடும். அதன் கடைசி வரியில், விடியற்காலை வயிற்றுவலி பற்றிய செய்தியை மட்டும் எழுதி வையுங்கள். ‘கடைசியாக நேயர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் டாக்டர்?’ என்று தொகுப்பாளர் கட்டாயம் கேட்பார். அப்போது நன்றி சொல்லத் தொடங்கினால் இசை வந்து மூடிவிடும். அந்த வரியை முதலில் படித்துவிட்டு, நேரம் மிஞ்சினால் நன்றி சொல்லுங்கள்.