அமெரிக்காவுக்கு சார்ஜர் எடுத்துட்டு போறீங்களா, முதல்ல அதுல இருக்கிற பொடி எழுத்தைப் படிங்க

கேள்வி: அண்ணா, நான் திருப்பூர். அடுத்த மாசம் அம்மாவை கூட்டிட்டு சிங்கப்பூர்ல அக்கா வீட்டுக்கு ஒரு வாரம், அப்படியே நியூஜெர்சில தம்பி வீட்டுக்கு ரெண்டு மாசம் போறோம். அமெரிக்காவுல 110 வோல்ட் தானாம், நம்ம சார்ஜர் போட்டா போன் போயிடும்னு பயமுறுத்துறாங்க. கடைல 3000 ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் காட்டுறாங்க. வாங்கணுமா? என் போன் 67 வாட் ஃபாஸ்ட் சார்ஜர், அம்மாவோடது பழைய சார்ஜர், ஒரு ஹேர் ட்ரையரும் இருக்கு.

பதில்: கன்வெர்ட்டர் வேண்டாம்மா, அந்த 3000 ரூபாய் கையிலேயே இருக்கட்டும். உங்க போன் சார்ஜரை அதுல சொருகாம இருக்கிறதுதான் போனுக்கு நல்லது, ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல ரெண்டு சார்ஜரையும் கையில எடுங்க. பின் இருக்கிற பக்கமோ இல்ல சைடுலயோ சாம்பல் கலர்ல பொடிப் பொடியா எழுதியிருக்கும், கண்ணால படிக்க முடியாது, போன் கேமரால ஒரு போட்டோ எடுத்து பெருசு பண்ணிப் பாருங்க. இன்புட்னு போட்டிருக்கிற வரியில 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்னு இருந்தா அந்த சார்ஜருக்கு உலகத்துல எந்த நாட்டு கரண்டும் ஓகே. உங்க 67 வாட் சார்ஜர்ல அனேகமா இது இருக்கும். அம்மா சார்ஜர்லதான் கவனமா பார்க்கணும், பழசுலயும் பேர் தெரியாத லோக்கல் சார்ஜர்லயும் சிலதுல 220-240னு மட்டும் போட்டிருப்பாங்க, அப்படி இருந்தா அது சிங்கப்பூர்ல ஓடும், ஏன்னா அங்கயும் நம்ம மாதிரி 230 வோல்ட்தான், ஆனா நியூஜெர்சில சார்ஜ் ஏறவே ஏறாது, இல்ல ஏறி ஏறி நிக்கும். போன் ஒண்ணும் ஆகாது. வோல்ட் கம்மியான ஊருக்கு போறதுல எரிஞ்சு போற ஆபத்து பெருசா கிடையாது, வோல்ட் ஜாஸ்தியான ஊருக்கு வர்றதுலதான் இருக்கு.

(110னு எல்லாரும் சொல்லிப் பழகிட்டாங்க, அமெரிக்காவுல இப்ப 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பான்லதான் இன்னும் கம்மி, 100.)

ஒரே சார்ஜர் எப்படி 100லயும் 240லயும் ஓடுதுன்னா, உள்ள வந்ததும் முதல் வேலையா ஏசியை டிசியா மாத்திடுது. நம்ம வீட்டு 230 வோல்ட் உள்ள போனதும் சுமார் 325 வோல்ட் டிசி ஆகுது, அமெரிக்காவுல 170 கிட்ட. டிசியா மாறினதுக்கப்புறம் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸாங்கிற கேள்வியே இல்ல. அப்புறம் ஒரு சின்ன ஸ்விட்ச்சிங் சர்க்யூட் அதை செகண்டுக்கு பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி குட்டி ட்ரான்ஸ்ஃபார்மர் வழியா அனுப்புது, போன் பக்கம் எவ்ளோ வோல்ட் வருதுன்னு பார்த்துக்கிட்டே இருந்து அதுக்கேத்த மாதிரி வெட்டுறதை கூட்டிக் குறைக்குது. வெளிய 230 வந்தாலும் 120 வந்தாலும் போனுக்கு போறது அதே 5 வோல்ட், 9 வோல்ட்தான். போன் கரண்ட் பாயிண்ட்டை பார்க்கறதே இல்ல, சார்ஜரை மட்டும்தான் பார்க்குது.

ஆனா ஒண்ணு இருக்கு. வோல்ட் பாதியானா அதே வாட் தர்றதுக்கு சார்ஜர் ரெண்டு மடங்கு ஆம்ப்ஸ் இழுக்கணும், உள்ள இருக்கிற பார்ட்ஸ் கொஞ்சம் கூடுதலா சூடாகும். அதனால சில பெரிய வாட் சார்ஜருங்க 120 வோல்ட்ல தானாவே வேகத்தை குறைச்சுக்கும். 2022ல ஒன்பிளஸ் 10 ப்ரோ வந்தப்ப மத்த நாடுகள்ல 80 வாட், வட அமெரிக்காவுக்கு மட்டும் 65 வாட்னு குடுத்தாங்க, காரணம் அந்த 80 வாட் சார்ஜர் 110-120 வோல்ட்டுக்கு ஒத்து வரலைன்னு அவங்களே சொன்னாங்க. உங்க 67 வாட்டும் அங்க கொஞ்சம் மெதுவா ஏறலாம். திருப்பூர்ல 45 நிமிஷத்துல ஏறுறது அங்க ஒரு மணி நேரம் ஆச்சுன்னா ரிப்பேர்னு நினைச்சு பதறாதீங்க. லேபிள்லயே அவுட்புட் வரியில அமெரிக்க வோல்ட்டுக்கும் நம்ம வோல்ட்டுக்கும் தனித்தனியா வாட் போட்டிருந்தா அது இதுக்குத்தான்.

இப்ப பின் விஷயம். என் அனுபவத்துல வெளிநாடு போயிட்டு வந்த சார்ஜருங்க கருகி வந்ததுக்கு காரணம் வோல்ட் இல்ல, லூஸ் கான்டாக்ட்தான்.

சிங்கப்பூர்ல சுவத்துல இருக்கிறது டைப் ஜி, மூணு செவ்வக ஓட்டை. மலேசியா, துபாய், லண்டன் எல்லாம் இதேதான். இலங்கைல புது வீட்ல இது, பழைய வீட்ல நம்மூர் மாதிரி மூணு உருண்டை ஓட்டையும் பார்க்கலாம். இந்த டைப் ஜி பாயிண்ட்ல கீழ் ரெண்டு ஓட்டைக்கும் உள்ள ஒரு ஷட்டர் மூடியிருக்கும், குழந்தை கம்பி விடக்கூடாதுன்னு. மேல் ஓட்டைல நீளமான எர்த் பின் போனாதான் அந்த ஷட்டர் திறக்கும். நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கன்னா பேனா நுனியோ தீக்குச்சியோ மேல் ஓட்டைல விட்டு ஷட்டரை திறந்து, நம்ம ரெண்டு உருண்டை பின்னை அப்படியே சொருகிடறாங்க. ஏறும், சார்ஜும் ஆகும், ஆனா பட்டை பின்னுக்குன்னு செஞ்ச கிளிப்ல நம்ம 4 மில்லிமீட்டர் உருண்டை பின் ஒரு ஓரத்துலதான் தொட்டுக்கிட்டு நிக்கும். அந்த ஒரு புள்ளி வழியாதான் எல்லா கரண்டும் போகுது, அங்கதான் சூடாகி பொறி பறக்கும். ஒருத்தர் அப்படி ஆறு மாசம் ஓட்டிட்டு ஊருக்கு வந்து எங்கிட்ட சார்ஜரை குடுத்தார், ஒரு பின்னோட அடியில பிளாஸ்டிக் பழுப்பா உருகி, பின் மேல கரும்புள்ளி புள்ளியா இருந்துச்சு, திறந்து பார்த்தா உள்ள சர்க்யூட் ஒண்ணுமே ஆகல, நல்லா இருந்துச்சு.

அதனால வோல்ட்டை மாத்தாம பின்னை மட்டும் மாத்துற டைப் ஜி அடாப்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க, மூணு பின்னும் இருக்கணும், பின் பக்கத்துல ஃப்யூஸ் மூடி இருந்தா இன்னும் நல்லது. சில அடாப்டர்ல மேல் பின் வெறும் பிளாஸ்டிக்கா இருக்கும், ரெண்டு பின் சார்ஜருக்கு அது பரவாயில்ல, ஷட்டர் திறக்க மட்டும்தான் அது. உங்க சார்ஜர்ல ஒரு சதுரத்துக்குள்ள இன்னொரு சதுரம் வரைஞ்சிருக்கான்னு பாருங்க, அது இருந்தா எர்த் தேவையில்லாத டபுள் இன்சுலேஷன்னு அர்த்தம். மூணு பின் லேப்டாப்பும் எடுத்துட்டு போறதா இருந்தா மட்டும் மேல் பின் உலோகமா இருக்கிற அடாப்டரா பார்த்து வாங்குங்க.

நியூஜெர்சிக்கு ரெண்டு தட்டை பின், டைப் ஏ. அங்க பாயிண்ட்ல ஒரு பிளவு மத்ததை விட கொஞ்சம் நீளமா இருக்கும், சில அடாப்டர்லயும் ஒரு தகடு அகலமா இருக்கும், அப்ப ஒரே பக்கமாதான் உள்ள போகும், போகலைன்னா திருப்பிப் போடுங்க, அழுத்தாதீங்க. ரெண்டு தகடும் ஒரே அகலமா இருக்கிறது கிடைச்சா அதையே எடுத்துக்கோங்க, ஜப்பான்ல பழைய பாயிண்ட்ல கூட அது போகும்.

அமெரிக்காவுல உண்மையான தொல்லை வெயிட்டுதான். அந்த தட்டை பின்னுக்கு பிடிமானம் கம்மி. 67 வாட் சார்ஜர் செங்கல் மாதிரி கனம், அதுக்கு முன்னாடி ஒரு அடாப்டர் வேற நீட்டிக்கிட்டு இருந்தா மெல்ல மெல்ல முன்னாடி சாஞ்சு பாதி வெளிய வந்திடும். சார்ஜ் ஏறும் நிக்கும் ஏறும் நிக்கும், ராத்திரி பூரா போன் டிங் டிங்குனு சத்தம் போடும். எல்லா நாட்டுக்கும் ஒண்ணேன்னு விக்கிற, உள்ள தள்ளி இழுக்கிற யூனிவர்சல் அடாப்டர் இதுல ரொம்ப மோசம், அது தானே ஒரு சோப்பு டப்பா கனம் இருக்கு, உள்ள நகர்ற தகடு வேற நாளாக நாளாக லூஸ் ஆகும். நீங்க போறது ரெண்டே நாடு, குட்டியா ஒரே பீஸா இருக்கிற அடாப்டர் ரெண்டு தனித்தனியா வாங்குங்க, வாங்கும்போது சார்ஜரை கடைக்கே எடுத்துட்டு போய் சொருகி ஆட்டிப் பாருங்க.

அங்க போனதும் ஒரு சின்ன டெஸ்ட் பண்ணுங்க. சார்ஜ் போட்டு பத்து நிமிஷம் கழிச்சு சார்ஜரையும் அடாப்டரையும் தனித்தனியா தொட்டுப் பாருங்க. சார்ஜர் சூடா இருக்கலாம், அது வேலை செய்யுது. அடாப்டருக்குள்ள வெறும் பித்தளை தகடுதான் இருக்கு, அது சுடக்கூடாது. சார்ஜரோட ஒட்டியிருக்கிற பக்கம் லேசா வெதுவெதுப்பு வரலாம், ஆனா அடாப்டரோட பின் பக்கம் சுட்டாலோ, காதை வச்சா உஸ்ஸுனு கேட்டாலோ, பிளாஸ்டிக் வாடை வந்தாலோ அது லூஸ் கான்டாக்ட், மாத்திடுங்க. ரெண்டு மாசம் இருக்கப் போறீங்க, அதனால தம்பிகிட்ட சொல்லி அங்கயே தட்டை பின்னோட ஒரு டைப் சி சார்ஜர் வாங்கி வைக்கச் சொன்னா இன்னும் நிம்மதி, கேபிள் மட்டும் உங்களோடதை எடுத்துட்டு போங்க. அந்த சார்ஜர்ல உங்க போன் 67 வாட்ல ஏறாது, போன் கம்பெனியோட சொந்த ஃபாஸ்ட் சார்ஜ் அதுல வராது, ஆனா ராத்திரி போட்டா காலைல ஃபுல்லா இருக்கும்.

அமெரிக்க வீட்ல ஒரு விஷயம் பல பேருக்கு தெரியாது. பாயிண்ட் பக்கத்துல ஸ்விட்ச் இருக்காது, ஆனா ஹால்லயும் பெட்ரூம்லயும் சில பாயிண்ட் கதவுக்கு பக்கத்துல இருக்கிற சுவர் ஸ்விட்ச்சோட சேர்ந்திருக்கும், டேபிள் லேம்ப்புக்காக அப்படி வயரிங் பண்ணியிருப்பாங்க. அம்மா படுக்கும்போது ஸ்விட்சை அணைச்சிட்டு போனா சார்ஜும் அதோட நின்னுடும். ரெண்டு பாயிண்ட்ல மேல் ஒண்ணு மட்டும் அப்படி இருக்கும், கீழ் ஒண்ணு எப்பவும் கரண்ட் வரும், சில வீட்ல தலைகீழா.

ஹேர் ட்ரையரை வீட்லயே விட்டுட்டு போங்க. லேபிள்ல 220-240னு மட்டும் இருந்தா, அதுல உள்ள இருக்கிற சுருள் கம்பி சார்ஜர் மாதிரி தன்னை மாத்திக்காது. வோல்ட் பாதியானா வாட் கால்வாசி ஆயிடும், 1200 வாட் ட்ரையர் அங்க 330 வாட் கிட்டதான் தரும், வெறும் காத்துதான் வரும். அதுக்குத்தான் கடைக்காரர் கன்வெர்ட்டர் காட்டியிருப்பார். கைக்கு அடக்கமா லேசா இருந்துட்டு 1600 வாட், 2000 வாட்னு போட்டிருந்தா அது நிஜ ட்ரான்ஸ்ஃபார்மர் கிடையாது, அவ்ளோ வாட்டுக்கு நிஜமானது தூக்க முடியாத கனம் இருக்கும். லேசா இருக்கிறது கரண்ட் அலையை நறுக்கி நறுக்கி அனுப்புற ஜாதி, சுருள் கம்பி சாமானுக்கு மட்டும்தான் சரி, அந்த நறுக்கின கரண்டை போன் சார்ஜருக்கு குடுத்தா சார்ஜர் உள்ள அடி வாங்கும். ட்ரையர் தம்பி வீட்ல நிச்சயம் ஒண்ணு இருக்கும்.

திரும்பி வரும்போது ஒண்ணு கவனிங்க. தம்பி ஆசையா அங்க இருந்து ஆறு பாயிண்ட் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் குடுத்தா வாங்கிட்டு வராதீங்க. சர்ஜ் புரொடெக்டர்னு போட்டிருக்கிறதுக்குள்ள 120 வோல்ட்டுக்கு கணக்கு பண்ணின ஒரு பார்ட் இருக்கும், நம்ம 230ஐ அது இடி விழுந்த கரண்ட்னு நினைச்சு முழுசா தன் மேல வாங்கிக்கும், சொருகின கொஞ்ச நேரத்துல புகையும். பாக்ஸ் அடியில 125 வோல்ட்னு எழுதியிருக்கும், பார்த்தா அங்கயே வச்சிட்டு வந்திடுங்க.