தமிழ் வசனத்துக்கு வாயசைவு: எல்லா உகரத்துக்கும் உதடு குவியாது

கேள்வி: என் கார்ட்டூன் பையன் தமிழ் பேசும்போது எந்நேரமும் உதட்டைக் குவித்து விசிலடிப்பவன்போலத் தெரிகிறான். எழுத்துக்கு எழுத்து சரியாகத்தான் வாய் வைத்திருக்கிறேன். 247 எழுத்துக்கும் தனித்தனி வாய் உள்ள தொகுப்பு ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்காதீர்கள். 247 வாய் என்று விற்பவர்கள் எழுத்தை எண்ணி விற்கிறார்கள், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதோ உதடும் பல்லும் தாடையும்தான். க, ட, ண, ள, ழ எல்லாம் வாய்க்குள் நாக்கு செய்யும் வேலை. ழகரத்துக்கென்று மடித்த நாக்கை வரைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். மூடிய வாய், பல் தெரியச் சற்றே திறந்தது, பாதி திறந்தது, அகலத் திறந்தது, பக்கவாட்டில் இழுபட்டது, குவிந்தது, வகரத்துக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடுவது என ஏழு வாய் போதும்.

உங்கள் பையன் விசிலடிப்பதற்குக் காரணம் உகரம். பள்ளியில் படித்த குற்றியலுகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் கடைசியில் வரும் கு, து, பு போன்றவற்றைப் பேசும்போது பெரும்பாலும் உதடு குவியாது. ‘உப்பு’ என்று கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். முதல் உகரத்துக்குக் குவியும் உதடு, கடைசியில் தளர்ந்து லேசாகத் திறந்து நிற்கும்.

‘அம்மா, எனக்குப் பசிக்குது’ என்ற வசனத்தை எடுத்துக்கொள்வோம். எழுத்து 13, அதில் உகரம் மூன்று. ஒன்றுக்குக்கூட குவிந்த வாய் வேண்டாம். வினாடிக்கு 24 ஃபிரேமில், நிதானமாகப் பேசினால் ஏறக்குறைய 40 ஃபிரேம் வரும். அ-வுக்குப் பாதி திறந்த வாய் 3, ம்ம-வுக்கு மூடிய வாய் 4, ஆ-வுக்கு அகலத் திறந்தது 7. எ-வுக்கு இழுபட்டது 3, ன-வுக்குப் பாதி 3, க்கு-வுக்குச் சற்றே திறந்தது 5. அப்புறம் ப-வுக்கு மூடியது 3, அதன் அகரத்துக்குப் பாதி 3, சி-க்கு இழுபட்டது 4, கடைசி ‘க்குது’ முழுவதற்கும் சற்றே திறந்த ஒரே வாய் 5. வாய் மாறுவது பத்து இடத்தில், பயன்பட்டது ஐந்தே வகை. மூடிய வாயை ஒலிக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் முன்பே வைத்துவிடுங்கள், இரண்டு ஃபிரேமுக்குக் குறைக்காதீர்கள். ஒரே ஃபிரேம் மூடினால் கண்ணுக்குத் தெரியாது. ‘அம்மா’ ‘ஆஆ’ என்று தெரியும்.

மகரத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. இதில் சறுக்காதவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். பேச்சில் சொல்லின் கடைசி ம் பெரும்பாலும் உதட்டை மூடுவதில்லை. ‘மரம்’ என்பது கடைசியில் மூக்கொலியோடு ‘மரொ’ போல முடியும், உதடு லேசாக வட்டமாகித் திறந்தே இருக்கும். அங்கே மூடிய வாய் வைத்தால் பையன் செய்தி வாசிப்பதுபோல இருக்கும். அதே சொல் ‘மரமா?’ என்று நீண்டால் உதடு கட்டாயம் மூடும். ‘பணம் போச்சு’ என்பதுபோல அடுத்த சொல் பகரத்தில் தொடங்கினாலும் மூடும். ராஜா வேடம், மேடைப்பேச்சு, பாட்டு என்றால் ஒலிப்பதிவைக் கேட்டு முடிவெடுங்கள். அங்கே ம் முழுதாகவே ஒலிக்கும்.

தானியங்கி மென்பொருளில் செய்கிறீர்கள் என்றால், எழுத்தைப் படித்து வாய் வைப்பது உகரத்துக்கெல்லாம் குவித்துத்தான் தரும். ஒலியைக் கேட்டு வைக்கும் Rhubarb பரவாயில்லை, ஆனால் அது இயல்பில் ஆங்கிலச் சொற்களைத் தேடும். தமிழுக்கு இப்படி மாற்றி ஓட்டுங்கள்:

```
rhubarb -r phonetic -o vasanam.txt vasanam.wav
```

வருவதை முதல் வரைவாக மட்டும் வைத்துக்கொண்டு ப, ம வரும் இடங்களையும் சொல்லின் கடைசி உகரங்களையும் கையால் திருத்துங்கள். பிறகு ஒலியை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். எங்கெங்கே உதடு மூடுகிறது என்று எண்ணி, ஒலிப்பதிவோடு ஒப்பிட்டால் தவறு பிடிபடும்.

எனக்கு எரிச்சல் வருவது வேறொன்றில். இடையில் வேலை பிடித்துத் தருபவர்கள் ‘வருகிறேன்’ என்று எழுதிய தாளைக் கொடுத்து, ஒலிப்பதிவு பிறகு வரும், இப்போதே வாய் போட்டுவை என்கிறார்கள். குரல் கொடுப்பவர் ‘வர்றேன்’ என்று பேசிவிட்டுப் போகிறார். பிறகு திருத்தவும் நீங்களேதான், அதுவும் கூலியில்லாமல். இறுதி ஒலிப்பதிவு கைக்கு வரும்வரை ஒரு வாய்கூட வரையாதீர்கள். முடிந்தால் குரல் பதிவின்போது பேசுபவரின் முகத்தையும் கைபேசியில் படம்பிடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.