இ.பி.எஃப்பில் மாமியார் பெயர் இருந்தால் மனைவிக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: அக்காவின் கணவர் திடீரென்று இறந்துவிட்டார். இ.பி.எஃப்பில் அவருடைய அம்மாவைத்தான் நாமினியாகப் போட்டிருக்கிறாராம். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றுமே கிடைக்காதா?

உங்கள் அக்கா இருக்கும் இடத்தில் நான் இருந்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. மாமியாரைக் குறை சொல்லவும் வரவில்லை, அப்படி எடுத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வராதீர்கள்.

முதலில் கசப்பானது, மலேசியாவில் இதுதான் விதி. அந்த அம்மா ஒருவர்தான் நாமினி என்றால் இ.பி.எஃப் பணம் முழுவதும் அவருக்குத்தான். கல்யாணத்துக்கு முன்பு கொடுத்த பெயர் கல்யாணம் ஆனதால் ரத்தாவதில்லை. உயில் எழுதினாலும் மாறாது. இது முஸ்லிம் அல்லாதவர்களுக்கு. முஸ்லிம்களுக்கு நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர் மட்டுமே.

என் கணவர் பிறையில் ஒரு தொழிற்சாலையில் 18 வருடம் வேலை செய்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா பெயரைக் கொடுத்தவர் அப்படியே விட்டுவிட்டார். இருந்தது சுமார் 1,20,000 வெள்ளி. கவுண்டரில் மாமியாருடைய கைரேகை பதியவே இல்லை. அந்தக் காலத்தில் ரப்பர் பால் எடுத்த கை, ரேகையெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. அதிகாரி டிஷ்யூவால் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கச் சொன்னார். நான் பக்கத்தில் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெற்றவருக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் நாத்தனார், 'உனக்குத்தான் ஒன்றும் இல்லையே, பிறகு ஏன் அலைகிறாய்' என்றாளே, அது இன்றைக்கும் வலிக்கிறது.

அவள் சொன்னது தப்பு. சொக்சோ இருக்கிறது. அங்கே நாமினி என்ற பேச்சே கிடையாது. 60 வயதுக்குள் இறந்து, சந்தா நிபந்தனையும் சரியாக இருந்தால் 'பென்சென் பெனாக்காட்' என்ற மாதப் பென்ஷன் வரும். அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. மனைவி, பிள்ளைகள் இருக்கும்போது பெற்றோருக்கு இதில் பங்கு இல்லை. முழுப் பென்ஷன் சராசரிச் சம்பளத்தில் 50 விழுக்காட்டில் தொடங்கி, சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்து 65 வரை ஏறும். என் கணவருக்கு 65 வந்தது. 3,000 வெள்ளிக்கு 1,950; எனக்கு 1,170, பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து 780. பிள்ளைகள் பங்கு பொதுவாக 21 வயது வரை. முதல் டிகிரி படித்துக்கொண்டிருந்தால் அது முடியும் வரை நீளும்.

இதற்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். கோயிலில் தாலி கட்டிய போட்டோவைக் காட்டி வேலை ஆகாது. அக்கா பதிவு செய்திருக்கிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள்.

அப்புறம் கம்பெனி கிராஜுவிட்டி. தனியார் கம்பெனி இதைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வேலை ஒப்பந்தத்திலோ யூனியன் போட்ட கூட்டு ஒப்பந்தத்திலோ இருந்தால்தான் உண்டு. எங்களுக்கு இருந்தது: 24,000. பேங்கில் 12,000. ஆக 36,000. உயில் இல்லாததால் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. மாமனார் முன்பே போய்விட்டாலும் அந்தக் கால் பங்கு குறையாது, மாமியாருக்கே முழுசாகப் போகும். எனக்கு 9,000, அவருக்கு 9,000, பிள்ளைகளுக்கு 18,000. ஆமாம், இ.பி.எஃப் வாங்கியவருக்கு இதிலும் பங்கு உண்டு. பெற்றோர் இருவருமே இல்லையென்றால்தான் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மிச்சம் பிள்ளைகளுக்கு.

வீடு, நிலம் எதுவும் எங்களுக்கு இல்லை. அதனால் கோர்ட்டுக்குப் போகாமல் அமானா ராயா என்ற அரசாங்க அறங்காவல் நிறுவனம் வழியாகவே முடிந்தது. பிள்ளைகள் பணம் அவர்களுக்கு 18 ஆகும்வரை அங்கேயே இருக்கும். கிராஜுவிட்டியைக் கம்பெனி உடனே விடவில்லை. வருமான வரி இலாகாவின் கடிதம் வரவேண்டும் என்று நிறுத்தி வைத்தார்கள். அது வழக்கமான நடைமுறைதான். மரணக் கிராஜுவிட்டிக்கு வரி கிடையாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் விட என்னை எரிச்சல்படுத்தியது, என் கணவர் மாதாமாதம் சந்தா கட்டிய ஒரு சங்கத்தின் மரணச் சகாய நிதி. கடைசி இரண்டு மாதச் சந்தா பாக்கியாம், காசு கிடையாதாம். ஆஸ்பத்திரியில் கிடந்தவர் எப்படி வந்து கட்டுவார்? தலைவர் மாலையோடு வந்து போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டார்.

சரி, உங்கள் விஷயம். இ.பி.எஃப்பில் 2,500 வெள்ளி மரண உதவி தனியாக உண்டு. அவர் 60 வயதுக்குள் இறந்திருந்தால், இறந்த 6 மாதத்துக்குள் மனு போடவேண்டும். அதையும் சொக்சோவையும் முதலில் பாருங்கள். கூட்டு ஒப்பந்தப் புத்தகத்தை எச்.ஆரிடம் கேட்டால் இழுத்தடிப்பார்கள். யூனியன் செயலாளரிடம் கேளுங்கள், அவரிடம் ஒரு பிரதி இருக்கும்.