வரவேற்பாளருக்கு மதிப்பெண் இடுவதற்கு முன்

கேள்வி: எங்கள் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இரண்டு ஆண்டுகளாக ஒரு பெண் பணிபுரிகிறார். எல்லோரிடமும் இன்முகமாகத்தான் பேசுகிறார். ஆனாலும் அண்மையில் இரண்டு புகார்கள் வந்துள்ளன. முதல் தோற்றம், ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனிப்பது, பொறுமை ஆகிய மூன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: நினைவை மட்டும் நம்பிப் படிவத்தை நிரப்பினால், அண்மையில் வந்த அந்த இரண்டு புகார்களே ஆண்டு முழுவதையும் மறைத்துவிடும். ஆகவே திங்கட்கிழமை காலைக் கூட்ட நேரத்தில் ஒரு நாள், பிற்பகலில் ஒரு நாள், அவர் பணி முடிக்கும் வேளையில் ஒரு நாள் என மூன்று முறை, முன்கூட்டியே அவரிடம் தெரிவித்துவிட்டு, நோயாளிகள் காத்திருக்கும் இருக்கையில் அரை மணி நேரம் அமர்ந்து, அவர் செய்ததையும் சொன்னதையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் தோற்றம் என்பது உடையோ முக அழகோ அன்று. வந்தவரை எவ்வளவு விரைவில் கவனித்தார் என்பதையும், அவர் சொன்ன வழியைக் கேட்டுச் சென்றவர் மீண்டும் வந்து அதையே கேட்டாரா என்பதையும் பாருங்கள்.

பல வேலைகளைக் கவனிப்பதில்தான் பெரும்பாலோர் தவறாக மதிப்பிடுகிறார்கள். பரபரப்பாக இருப்பவரைத் திறமையானவர் என்று எண்ணிவிடுகிறார்கள். ஒரு முதியவரின் விவரங்களைப் பதிவு செய்துகொண்டிருக்கும்போது தொலைபேசி ஒலிக்கிறது, கூரியர் ஊழியர் கையெழுத்துக் கேட்கிறார், செவிலியர் ஒரு கோப்புக்காக நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தொலைபேசியில் அழைத்தவரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, திரும்ப அழைப்பதாகச் சொல்லி, மற்ற இருவரையும் சற்றுப் பொறுக்கும்படி கேட்டுவிட்டு, முதியவரிடம் பெயரை மறுபடியும் கேட்காமல் விட்ட இடத்திலிருந்தே பதிவைத் தொடர்ந்தால் அதற்கு நான்கோ ஐந்தோ தரலாம். நான்கு பேருக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்லி, முதியவரின் வயதைத் தவறாகப் பதிந்தால் இரண்டுக்கு மேல் தர இயலாது. மாலையில் அவருடைய குறிப்பேட்டையும் பாருங்கள். திரும்ப அழைப்பதாகச் சொன்னவர்களில் எத்தனை பேரை உண்மையில் அழைத்தார் என்பது அதில் தெரிந்துவிடும்.

பொறுமையை அளக்க, டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் காத்திருந்து கோபத்தோடு வருபவரிடம் அவர் நடந்துகொள்வதைக் கவனியுங்கள். இடைமறிக்காமல் கேட்டாரா, மருத்துவர் வர ஆகும் நேரத்தை மழுப்பாமல் சொன்னாரா, அந்த எரிச்சலை அடுத்து வந்தவரிடம் காட்டினாரா என்பவையே அளவுகோல்கள். வந்தவர் தகாத சொற்களைப் பேசும்போது மேற்பார்வையாளரை அழைப்பது பொறுமைக் குறைவு ஆகாது. அதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பது அநீதி என்றே நான் கருதுகிறேன்.

இனி அந்த இரண்டு புகார்களுக்கு வருவோம். அவை எந்த நாளில், எந்த நேரத்தில் எழுந்தவை என்று பாருங்கள். மருத்துவர் அறுவை சிகிச்சையில் இருந்ததை அவரிடம் யாரும் தெரிவிக்கவில்லை என்றாலோ, இருவர் இருக்க வேண்டிய மேசையில் அன்று அவர் தனியாக இருந்தார் என்றாலோ, அந்தக் குறையை அவருடைய படிவத்தில் ஏற்றாமல், நிர்வாகத்துக்கு அனுப்பும் அறிக்கையில் எழுதுங்கள்.