முடிக்குச் சாப்பிட்ட மாத்திரை தைராய்டு ரிப்போர்ட்டைக் குழப்புமா?

கேள்வி: பிரசவமாகி ஐந்து மாதம் ஆகிறது. மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. தோழி சொன்னதால் பயோட்டின் 10,000 மாத்திரை தினமும் ஒன்று, கூடவே பயோட்டின் 5,000 உள்ள ஹேர் கம்மி ஒன்று சாப்பிடுகிறேன். போன வாரம் ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். மிகக் குறைவு, டி4 அதிகம் என்று வந்து, தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று மாத்திரை எழுதித் தந்தார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை. எனக்குப் படபடப்போ கை நடுக்கமோ இல்லை, எடையும் குறையவில்லை. முடி கொட்டத் தைராய்டுதான் காரணமா? பயோட்டினை இன்னும் கூட்டலாமா? தாய்ப்பால் கொடுக்கிறேன்.

பதில்: முதலில் உங்கள் டாக்டருக்குப் போன் போட்டு, "நான் தினமும் 15 மில்லிகிராம் பயோட்டின் சாப்பிடுகிறேன், ரத்தம் கொடுத்த அன்றும் சாப்பிட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரையை ஆரம்பிப்பதா, கொஞ்சம் பொறுப்பதா என்பதை அதற்குப் பிறகு அவர் முடிவு செய்யட்டும். நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள், அவரும் கேட்டிருக்க மாட்டார். "ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா" என்று கேட்டால் முடிக்குச் சாப்பிடும் மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஏன் இத்தனை அவசரம் என்றால், உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது தைராய்டு நோயாகவும் இருக்கலாம், பயோட்டின் செய்த குழப்பமாகவும் இருக்கலாம். இரண்டும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன், தைராய்டு அதிகமாகச் சுரந்தால் இது குறையும். பல லேப் மெஷின்கள் இதை அளப்பது இப்படி. ரத்தத்தில் இருக்கும் டி.எஸ்.எச்.சைப் பிடிக்க ஒரு ஆன்டிபாடி போடுவார்கள், அதன் வாலில் பயோட்டின் ஒட்டியிருக்கும். குழாயில் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய துகள்கள் இருக்கும். அதற்குப் பயோட்டின் என்றால் உயிர், கண்டால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இப்படிப் பிடிபட்டதை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழுவிவிட்டு, மிஞ்சியது எவ்வளவு என்று மெஷின் அளக்கும். இப்போது உங்கள் ரத்தத்திலேயே பயோட்டின் நிரம்பிக் கிடந்தால் என்ன ஆகும்? ஸ்ட்ரெப்டாவிடினின் இடத்தையெல்லாம் அது அடைத்துக்கொள்ளும், டி.எஸ்.எச்.சைப் பிடித்து வைத்திருந்த ஆன்டிபாடி ஒட்ட இடமில்லாமல் கழுவலில் போய்விடும். மெஷின் "டி.எஸ்.எச். ரொம்பக் குறைவு" என்று எழுதும். டி4 சின்ன மூலக்கூறு என்பதால் அதை அளக்கும் முறை தலைகீழ், அங்கே சிக்னல் குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று அர்த்தம். அதே பயோட்டின் அங்கேயும் சிக்னலைக் குறைக்க, மெஷின் "டி4 அதிகம்" என்று எழுதும். இரண்டு தவறும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய், தைராய்டு அதிகமாகச் சுரப்பவரின் ரிப்போர்ட்டை அச்சாக உருவாக்கிவிடும். தாறுமாறாக ஒரு எண் வந்திருந்தாலாவது யாருக்காவது சந்தேகம் வரும். இது பாடப்புத்தகம் மாதிரி இருப்பதால்தான் ஆபத்து.

எல்லா லேபிலும் இப்படி ஆகாது. சில மெஷின்கள் இந்த முறையையே பயன்படுத்துவதில்லை, சில கம்பெனிகள் கிட்டை மாற்றி அமைத்துவிட்டன. நீங்கள் ரத்தம் கொடுத்த லேபில் எந்த முறை என்று கேட்டுப் பாருங்கள், சொன்னால் நல்லது. அதைவிட எளிய வழி, மாத்திரையையும் கம்மியையும் இன்றே நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுப்பது. அமெரிக்க தைராய்டு சங்கம் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி சொல்கிறது. உங்கள் அளவுக்கு நான் மூன்று முழு நாள் விடச் சொல்வேன். பயோட்டின் நீரில் கரைந்து சிறுநீரில் போய்விடுவது, சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதற்குள் வெளியேறிவிடும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இன்னும் நாளாகும்.

மறுபரிசோதனை சரியாக வந்தால் கதை முடிந்தது. திரும்பவும் அதே போல் வந்தால், "சப்ளிமெண்டால்தான்" என்று சொல்லிக்கொண்டு விட்டுவிடாதீர்கள். பிரசவமான முதல் வருடத்தில், பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில், தைராய்டு சுரப்பி வீங்கி, சேர்த்து வைத்திருந்த ஹார்மோனைக் கசிய விடுவது உண்மையிலேயே நடக்கக்கூடியது. சில வாரத்தில் அந்தக் கட்டம் அடங்கிவிடும், பலருக்குப் பிறகு தைராய்டு குறைவாகச் சுரக்கும் கட்டமும் வரும். அந்த வகையில் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைக்கு வேலையே இல்லை, ஏனென்றால் அங்கே புதிதாக எதுவும் அதிகம் சுரக்கவில்லை, பழையதுதான் கசிகிறது. உடம்பே உண்டாக்கும் ஆன்டிபாடி சுரப்பியைத் தூண்டி அதிகமாகச் சுரக்க வைக்கும் க்ரேவ்ஸ் நோய் என்றால் அந்த மாத்திரை தேவை. இரண்டையும் பிரிக்க டாக்டர் ஒரு ஆன்டிபாடி டெஸ்ட் எழுதுவார். பயோட்டின் உள்ளே இருக்கும்போது கொடுத்தால் அந்த டெஸ்டும் பொய்யாக "இருக்கிறது" என்று வரக்கூடும். அதனால் அந்த டெஸ்டுக்கும் பயோட்டினை நிறுத்திய பிறகே ரத்தம் கொடுங்கள். இதற்கிடையில் படபடப்பு, நடுக்கம், மூச்சு வாங்குவது என்று எது வந்தாலும் மூன்று நாளைக் காத்துக்கொண்டிருக்காமல் போய்க் காட்டுங்கள்.

சரி, முடிக்கு வருவோம். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் காரணமாக முடிகள் வளரும் கட்டத்திலேயே நீண்ட நாள் நின்றுவிடும், வழக்கமாக உதிர வேண்டியவையும் உதிராது. பிரசவமானதும் அவை கூட்டமாக ஓய்வுக் கட்டத்துக்குப் போகும். ஓய்வில் இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டு ஒன்றாகக் கொட்டும். நீங்கள் எழுதியிருக்கும் மூன்றாவது மாதம் அந்தக் கணக்கில் கச்சிதமாக விழுகிறது. பெரும் காய்ச்சல், ஆபரேஷன், பட்டினி டயட் ஆகியவற்றுக்குப் பிறகும் இதே இரண்டு மூன்று மாதத் தாமதத்தில்தான் கொட்டும். வேர் சாகவில்லை, அதனால் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் தானே பழைய நிலைக்கு வரும். பயோட்டினுக்குப் பெயர் கிடைப்பதும் இங்கேதான். முடி அதிகமாகக் கொட்டும்போது மாத்திரை ஆரம்பிக்கிறோம், இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே அடங்குகிறது, புகழ் டப்பாவுக்குப் போகிறது. உங்கள் தோழி பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

பயோட்டின் ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்கு 30 மைக்ரோகிராம், தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு 35 மைக்ரோகிராம் இருந்தால் போதும். இது சாதாரண சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். நீங்கள் எடுப்பது 15,000 மைக்ரோகிராம், தேவையைப் போல் 400 மடங்குக்கும் மேல். டப்பாவில் 10 மில்லிகிராம் என்று போட்டாலும் 10,000 மைக்ரோகிராம் என்று போட்டாலும் ஒன்றுதான், பெரிய எண்ணைப் போட்டால் வாங்குவார்கள் என்பதற்காகப் போடுகிறார்கள். குறைபாடு இல்லாதவருக்கு இதனால் முடி வளர்கிறது என்று காட்டும் நல்ல ஆதாரம் இல்லை. 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், பயோட்டினால் முடியோ நகமோ தேறியதாகப் பதிவான 18 பேரைப் பார்த்தபோது, ஒருவர் விடாமல் எல்லோருக்கும் அடியில் வேறொரு கோளாறு இருந்தது.

உண்மையான குறைபாடு யாருக்கு வரும்? பிறவியிலேயே பயோட்டினைப் பிரித்தெடுக்கும் நொதி இல்லாத குழந்தைகள், வலிப்புக்குச் சில மருந்துகளை வருடக்கணக்கில் எடுப்பவர்கள், நாள்பட்ட குடிப்பழக்கம் உள்ளவர்கள், பச்சை முட்டை வெள்ளைக்கருவை மாதக்கணக்கில் குடிப்பவர்கள் (அதிலிருக்கும் ஒரு புரதம் பயோட்டினைக் கட்டிப்போட்டுவிடும், வேகவைத்தால் அந்தத் தொந்தரவு இல்லை). அவர்களுக்கும் முடி மட்டும் தனியாகக் கொட்டாது, கண், மூக்கு, வாயைச் சுற்றிச் செதிலாகச் சிவந்த தடிப்பும் வரும். அதில் எதுவும் உங்களிடம் இல்லாவிட்டால், கூட்டுவதா என்ற கேள்விக்கே இடமில்லை, நிறுத்திவிடுங்கள். வகிடு அகலமாகிக்கொண்டே போகும் பரம்பரை முடி உதிர்வுக்கும் பயோட்டின் உதவாது. அங்கே வேலை செய்யக்கூடியது மினாக்ஸிடில் போன்ற மருந்து. அதுவும் தாய்ப்பால் கொடுக்கும்போது டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

உங்களுக்கு நான் பார்க்கச் சொல்வது இரும்புச் சத்து. பிரசவத்தில் ரத்தம் போயிருக்கும், ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உள்ளே இருப்பு காலியாக இருக்கலாம். அதைக் காட்டும் டெஸ்ட் ஃபெரிட்டின். 30க்குக் கீழே இருந்தால் இருப்பு குறைவு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அப்போது இரும்பு மாத்திரைக்கு அர்த்தம் உண்டு. ஃபெரிட்டினையும் பல மெஷின்கள் டி.எஸ்.எச். போலவே அளப்பதால், பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டே கொடுத்தால் பொய்யாகக் குறைவாக வரலாம். தைராய்டுக்கு மறுபடி ரத்தம் கொடுக்கும் அன்றே இதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், ஒரே ஊசி.

அப்புறம் அந்தக் கம்மி டப்பாவைத் திருப்பி, பயோட்டின் தவிர என்ன இருக்கிறது என்று படியுங்கள். பயோட்டினுக்கு இத்தனைக்கு மேல் கூடாது என்ற உச்ச வரம்பே யாரும் வைக்கவில்லை, ஏனென்றால் உடம்புக்கு நேரடி நச்சு என்று தெரியவரவில்லை. ஆனால் முடிக்கான கலவைகளில் அடிக்கடி கூட வரும் வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அப்படி இல்லை. இவை இரண்டும் அளவு மீறினால் முடியைக் கொட்டவே வைக்கும். செலினியத்துக்கு ஒரு நாள் உச்சம் 400 மைக்ரோகிராம். அமெரிக்காவில் 2008இல் ஒரு சப்ளிமெண்ட் திரவத்தில் லேபிளில் போட்டதைப் போல் 200 மடங்கு செலினியம் கலந்துபோய், குடித்த 200 பேர் வரை பாதிக்கப்பட்டார்கள். முடி கொட்டியதும் நகம் உடைந்ததும் அவர்களிடம் பரவலாகக் காணப்பட்டன. பிரசவத்துக்குப் பிறகு டாக்டர் தந்த மல்டிவைட்டமினை இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இரண்டு டப்பாவையும் கூட்டிப் பாருங்கள். அந்த மல்டிவைட்டமினில் 30 மைக்ரோகிராம் அளவுக்குப் பயோட்டின் இருந்தால் அதை நிறுத்த வேண்டியதில்லை, அது டெஸ்டைக் குழப்பாது.

வீட்டில் வேறு யாராவது இந்தப் பெரிய டோஸைச் சாப்பிட்டால் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், முக்கியமாக இதய நோய் உள்ளவர்களிடம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோப்போனின் டெஸ்டும் சில மெஷின்களில் இதே காரணத்தால் பொய்யாகக் குறைந்து வரும். அப்படித் தவறவிட்டு ஒருவர் இறந்ததாகத் தகவல் வந்ததை ஒட்டித்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரிக்கை விட்டது. நெஞ்சுவலியோடு போகும்போது மூன்று நாள் நிறுத்திவிட்டா போக முடியும்? எமர்ஜென்சியில் முதலில் பார்ப்பவரிடமே பயோட்டின் எடுப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் முடி, குழந்தைக்கு ஒரு வயது ஆன பிறகும் இதே வேகத்தில் கொட்டினாலோ, வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலைத்தோல் சிவந்து செதில் உரிந்தாலோ தோல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.